எழுபது இடங்களும் ஒரு வினைமுற்றும்: நீண்ட தமிழ்க் குறுஞ்செய்திகள் துண்டாகவும் முறைமாறியும் வந்துசேர்வதன் காரணங்கள்

கைபேசியில் தமிழைப் பற்றிய ஆய்வுரைகள் பெரும்பாலும் எழுத்துருவையும் விசைப்பலகையையும் சுற்றியே அமைகின்றன. தட்டச்சு செய்து அனுப்பிய பின்னர் அச்செய்திக்கு வழியில் என்ன நேர்கிறது என்பதை மொழியியலார் அதிகம் கேட்பதில்லை. அது பொறியியலாரின் துறை என்று விட்டுவிடுகிறோம். நீண்ட குறுஞ்செய்தி துண்டுதுண்டாகவும், சில வேளை பின்துண்டு முன்னதாகவும் வந்துசேரும் நிகழ்வு எல்லா மொழியினருக்கும் உரியதே. எனினும் நம் எழுத்துமுறையும் வாக்கிய அமைப்பும் சேர்ந்து தமிழில் அதன் விளைவைக் கூர்மையாக்கிவிடுகின்றன. எவ்வாறு என்பதை ஒரே ஒரு செய்தியைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்ந்து காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இணையவழிச் செயலிகள் பெருகிய பிறகும் குறுஞ்செய்தி ஒழிந்துவிடவில்லை. நான் வாழும் நோர்வேயில் மருத்துவமனைகள் சந்திப்பு நேரத்தை நினைவூட்டுவது அதன் வழியாகவே. செயலி எதுவும் நிறுவாத முதிய தாய்தந்தையர்க்குப் பிள்ளைகள் தமிழில் எழுதுவதும் அதில்தான். ஆகையால் எடுத்துக்காட்டையும் அத்தகைய சூழலிலிருந்தே அமைத்துக்கொள்கிறேன். ஒரு மகள் நீரிழிவு நோயுள்ள தன் தாய்க்கு எழுதுகிறாள்:

"அம்மா நாளை காலை எட்டு மணிக்கு இரத்தப் பரிசோதனை. இன்று இரவு பத்து மணிக்குப் பிறகு எதையும் சாப்பிட வேண்டாம். சர்க்கரை மாத்திரையைக் காலையில் எடுக்க வேண்டாம்."

இருபது சொற்கள், நம் கணக்கில் எழுபத்தாறு எழுத்துகள். நீண்ட செய்தி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் இது ஒரு செய்தியாகப் புறப்படுவதில்லை, மூன்றாகப் புறப்படுகிறது.

குறுஞ்செய்தி, பேச்சு செல்லும் தடத்தில் செல்வதற்காக வகுக்கப்பட்டதன்று. அழைப்பை இணைப்பதற்கும் துண்டிப்பதற்குமாகத் தொலைபேசி நிலையங்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் சமிக்கைகள் செல்ல ஒரு தனித்தடம் உண்டு. அத்தடம் பெரும்பொழுது வெறுமையாகக் கிடந்தது. அதில் சிறு சொற்றொடர்களை ஏற்றிச் செல்லலாம் என்ற கருத்தை 1980களின் நடுவில் ஐரோப்பியக் குழுவொன்று வளர்த்தெடுத்தது. ஜெர்மானியரான பிரீடெல்ம் ஹில்லப்ராண்ட் அதில் முன்னின்றவர்களில் ஒருவர். சமிக்கைப் பொதியின் அளவு சிறியது. முகவரி முதலானவற்றுக்கு உரிய இடம் போக, செய்தியின் உள்ளடக்கத்துக்கு எஞ்சியது 140 பைட்டுகள். அந்த எண் இன்றும் மாறவில்லை.

140 பைட்டுகளில் எத்தனை எழுத்துகள் அடங்கும் என்பது, ஓரெழுத்துக்கு எவ்வளவு இடம் தருகிறோம் என்பதைப் பொறுத்தது. வகுத்தவர்கள் ஓரெழுத்துக்கு ஏழு பிட்டுகள் என்று கொண்டு 128 இடங்களுள்ள ஓர் அட்டவணையை அமைத்தார்கள். அதன்படி ஒரு செய்தியில் 160 எழுத்துகள் அடங்கும். அந்த அட்டவணையில் ஆங்கில எழுத்துகளோடு நோர்வேஜிய மொழியில் வழங்கும் æ, ø, å என்ற மூன்று உயிரெழுத்துகளும் இடம்பெற்றன. கிரேக்கப் பெரிய எழுத்துகள் பத்தும் இடம்பெற்றன. வகுத்தவர்கள் ஐரோப்பிய அஞ்சல், தொலைத்தொடர்பு நிருவாகங்களைச் சார்ந்தவர்கள் என்பதை எண்ணினால் இதில் வியப்பில்லை. அட்டவணைக்கு வெளியிலுள்ள ஓரெழுத்து செய்தியில் நுழைந்தால், பொதுவாக முழுச் செய்தியும் எழுத்துக்கு இரண்டு பைட்டு என்ற ஒருங்குறி முறைக்கு மாறுகிறது. அப்போது கொள்ளளவு எழுபது இடங்களாகச் சுருங்குகிறது. தமிழ்ச் செய்தி அனைத்தும் இந்த எழுபதுக்கு உட்பட்டதே.

எழுபது எழுத்துகள் என்று சொல்லாமல் எழுபது இடங்கள் என்று சொல்வதற்குக் காரணமுண்டு. ஒருங்குறியில் அகரமேறிய மெய்க்கு ஓரிடம், துணைக்குறிக்கு வேறோரிடம். 'கா' இரண்டு இடம். 'கு' இரண்டு இடம். புள்ளியும் ஓரிடம் பிடிப்பதால் 'க்' என்ற மெய்யும் இரண்டு இடமே. தொல்காப்பியர் காலந்தொட்டு மெய்யை அடிப்படையாகவும் உயிர்மெய்யை அதன் கூட்டாகவும் எண்ணிவந்த நமக்கு, 'க' ஓரிடமும் 'க்' இரண்டிடமும் கொள்வது தலைகீழ்க் கணக்காகவே தோன்றும். மகளின் செய்தியிலுள்ள எழுபத்தாறு எழுத்துகள் 132 இடங்களைக் கொள்கின்றன. பத்தொன்பது இடைவெளிகளையும் மூன்று முற்றுப்புள்ளிகளையும் கூட்டினால் 154. இதே செய்தியை ஆங்கிலத்திலோ நோர்வேஜிய மொழியிலோ எழுதினால் ஒரே பொதிக்குள் அடங்கிவிடும்.

எழுபதைத் தாண்டிய செய்தியைக் கைபேசி வெட்டி அனுப்பவேண்டும். பெறும் கைபேசி துண்டுகளை ஒட்டவேண்டுமாயின், எது எதனோடு சேரும் என்ற குறிப்பு துண்டுகளிலேயே இருத்தல் வேண்டும். அந்தக் குறிப்பு 140 பைட்டுகளுக்குள்ளேயே முதல் ஆறு பைட்டுகளைப் பிடித்துக்கொள்கிறது. எஞ்சுவது 134, அதாவது 67 தமிழ் இடங்கள். நம் செய்தியின் மூன்று துண்டுகளுக்குமான தலைப்பகுதி இவ்வாறு அமையும்:

```
05 00 03 A7 03 01
05 00 03 A7 03 02
05 00 03 A7 03 03
```

முதல் பைட்டு, தலைப்பகுதியில் இன்னும் ஐந்து பைட்டுகள் உள்ளன என்கிறது. அடுத்த இரண்டும், இது ஒட்டவேண்டிய துண்டு என்றும் அதைப் பற்றிய விவரம் மூன்று பைட்டு நீளம் என்றும் கூறுகின்றன. நான்காவதான `A7` என்பது இச்செய்திக்கு அனுப்பும் கைபேசி இட்ட அடையாள எண். ஐந்தாவது, மொத்தத் துண்டுகள் மூன்று என்கிறது. ஆறாவது மட்டுமே துண்டுக்குத் துண்டு மாறுகிறது: ஒன்று, இரண்டு, மூன்று. துண்டுகளின் வரிசை பற்றிய அறிவு முழுவதும் இந்த ஒற்றைப் பைட்டில்தான் இருக்கிறது. வலையமைப்பிடம் அந்த அறிவு இல்லை.

இனி, 67 இடங்களுக்கு ஒருமுறை வெட்டினால் செய்தி எங்கே அறுபடுகிறது என்று பார்ப்போம்.

(1) அம்மா நாளை காலை எட்டு மணிக்கு இரத்தப் பரிசோதனை. இன்று இரவு பத்து மண

(2) ◌ிக்குப் பிறகு எதையும் சாப்பிட வேண்டாம். சர்க்கரை மாத்திரையைக் காலைய

(3) ◌ில் எடுக்க வேண்டாம்.

முதல் வெட்டு 'ணி' என்ற எழுத்தின் நடுவே விழுகிறது. இரண்டாவது 'யி' என்ற எழுத்தின் நடுவே. இடங்களை மட்டும் எண்ணி வெட்டும் நிரலுக்கு உயிர்மெய் என்பது ஓருயிரும் ஒரு மெய்யும் கூடிய ஓரெழுத்து என்று தெரியாது. ஆதரவின்றி நிற்கும் துணைக்குறியைத் திரை ஒரு புள்ளிவட்டத்தின் மேல் ஏற்றிக் காட்டுகிறது. துண்டின் தொடக்கத்தில் அந்த வட்டத்தைக் காணும் எவரும், இதற்கு முன்னே ஒரு துண்டு இருந்தது என்று ஐயமின்றி முடிவு செய்யலாம். லத்தீன் எழுத்தில் எழுதுவோர்க்குச் சொல் நடுவே முறியும். எழுத்து நடுவே முறியும் அனுபவம் பெரும்பாலும் வாய்ப்பதில்லை.

துண்டுகள் மூன்றும் ஒரே கைபேசியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத்தான் புறப்படுகின்றன. பின் ஏன் முறைமாறுகின்றன? குறுஞ்செய்திச் சேவை அஞ்சலகத்தைப் போன்றது. செய்தி முதலில் ஒரு செய்தி மையத்தை அடைகிறது. மையம் அதைச் சேமித்து வைத்துப் பெறுநரைத் தேடி ஒப்படைக்கிறது. அதன் கண்ணுக்கு மூன்று துண்டுகளும் மூன்று தனித்தனிக் கடிதங்கள். முதற்கடிதம் சேர்ந்த பின்னரே இரண்டாவதை அனுப்பவேண்டும் என்ற கட்டாயம் அதற்கில்லை. இணையத்தில் இயங்கும் நெறிமுறைகள் பலவற்றில், இடையில் ஒரு பொதி தவறினால் பின்னவற்றை நிறுத்திவைத்து வரிசையைச் சீராக்கும் ஏற்பாடு உண்டு. அத்தகைய ஏற்பாடு குறுஞ்செய்தியில் இல்லை.

தாய் ஒஸ்லோவின் நிலத்தடித் தொடருந்தில் செல்கிறார் என்று கொள்வோம். முதல் துண்டை ஒப்படைக்க மையம் முயலும் கணத்தில் அலைத்தொடர்பு அறுகிறது. மையம் அதை 'பின்னர் முயல்க' என்ற வரிசையில் வைக்கிறது. சில நொடிகளில் தொடருந்து நிலையத்தை அடைய, இரண்டாம் துண்டும் மூன்றாம் துண்டும் தடையின்றி வந்துசேர்கின்றன. முதல் துண்டின் மறுமுயற்சி சில நிமிடங்கள் கழித்தே நிகழ்கிறது. அதற்குள் தொடர்பு மீண்டும் அறுந்தால் மறுமுயற்சிகளுக்கிடையிலான இடைவெளி மேலும் நீளக்கூடும். நாடு கடந்து செல்லும் செய்திகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. இடைத்தரகு நிறுவனங்கள் சுமையைப் பகிர்வதற்காக ஒரு துண்டை ஒரு வழியிலும் அடுத்ததை வேறு வழியிலும் செலுத்தும்போது, பிந்திப் புறப்பட்டது முந்திச் சேர்வது இயல்பே.

துண்டுகள் முறைமாறி வருவது அதனளவில் குற்றமன்று. தலைப்பகுதியைப் படிக்கத் தெரிந்த கைபேசி, முழுவதும் வந்துசேரும்வரை காத்திருந்து, வரிசைப்படுத்தி, ஒட்டி, ஒரே செய்தியாகக் காட்டிவிடும். எழுத்தின் நடுவே விழுந்த வெட்டும் ஒட்டியவுடன் மறைந்துவிடும். பெரும்பாலான கைபேசிகளில் பெரும்பாலான நாள்களில் நடப்பது இதுவே. ஆகையால்தான் வெட்டு நிகழ்கிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. 'சில கைபேசிகளில் மட்டும்' இச்சிக்கல் தோன்றுவதன் காரணம் ஒட்டும் இடத்திலிருக்கிறது. அது மூன்று வகையாகத் தவறக்கூடும். ஒவ்வொன்றும் திரையில் தன் தடயத்தை விட்டுச்செல்கிறது.

முதலாவது, பொறுமையின்மை. எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும் என்பதைக் கைபேசி செய்தவரே முடிவு செய்கிறார். ஒரு கருவி கடைசித் துண்டு வரும்வரை எதையுமே காட்டாது. தாய்க்குச் செய்தி வந்ததாகவே தெரியாது. இன்னொன்று சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, வந்தவற்றை வந்தபடி காட்டிவிடும். திரையில் புள்ளிவட்டத்தோடு தொடங்கும் தூய தமிழ்த் துண்டுகள் தென்பட்டால் இவ்வகை என்று கொள்ளலாம். துண்டுகளை நேரமுத்திரைப்படி அடுக்கும் கருவியிலும் குழப்பம் நேரலாம். செய்தி மையம் இடும் முத்திரை நொடி வரைக்குமே நுட்பமுடையது, ஒரே நொடியில் மையத்தை அடைந்த மூன்று துண்டுகளில் எது முந்தியது என்று அம்முத்திரை சொல்லாது.

இரண்டாவது, அனுப்புநர் மாறுதல். எந்தத் துண்டு எதனோடு சேரும் என்று தீர்மானிக்கக் கைபேசி அடையாள எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. அனுப்பியவரின் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். நிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும் செய்திகளில், இடைத்தரகர் தம் கையிருப்பிலுள்ள பல எண்களில் ஒன்றை அனுப்புநர் எண்ணாக இடுவது உண்டு. ஒரே செய்தியின் துண்டுகளுக்கு வெவ்வேறு எண்கள் இடப்பட்டால், கைபேசி அவற்றை வெவ்வேறு மனிதர்களின் முற்றுப்பெறாத கடிதங்களாகவே கருதும். துண்டுகள் வெவ்வேறு உரையாடல்களில் சிதறிக் கிடந்தால் குற்றம் கைபேசியினுடையதன்று, வழியினுடையது.

மூன்றாவது, தலைப்பகுதியே புரியாமற்போவது. மொழி ஆய்வாளருக்குச் சுவையானது இதுதான். தலைப்பகுதி இருக்கிறது என்பதைக் காட்டும் கொடி வழியில் தொலைந்தாலோ, பழைய கருவி அதைப் புறக்கணித்தாலோ, அந்த ஆறு பைட்டுகளும் மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுகின்றன. நம் எடுத்துக்காட்டில் `0500` ஒரு சிரில்லிய எழுத்து; `03A7` ஒரு கிரேக்க எழுத்து; `0301` முன்னெழுத்தின் தலைமேல் ஏறும் ஒரு சாய்கோடு. இரண்டாம் துண்டில் அந்தக் கோடு கூரைபோன்ற குறியாக மாறும். அதன் பின்னர் தமிழ் ஒழுங்காகத் தொடங்கும். அடையாள எண்ணுக்கு இரண்டு பைட்டு தரும் மாற்று முறையும் உண்டு. அதில் தலைப்பகுதி ஏழு பைட்டு. ஏழு ஒற்றையெண் ஆகையால், அதைப் புறக்கணித்துப் படிக்கும் கருவியில் செய்தி முழுவதுமே ஒரு பைட்டு விலகிப்போகும். 'அம்மா' என்பதன் பைட்டுகள் இவை:

```
0B 85 0B AE 0B CD 0B AE 0B BE
```

ஒன்று விலக்கிப் படித்தால் `850B`, `AE0B`, `CD0B` என்றாகும். முதலாவது சீன எழுத்து. மற்றவை கொரிய அசைகள். தமிழ்ச் செய்திக்குப் பதிலாகக் கொரிய எழுத்துகளும் சீன எழுத்துகளும் கலந்து வருவதை வைரசு என்றும் தவறான முகவரி என்றும் அஞ்சுவோர் உளர். அச்சம் தேவையற்றது, அது இடம் பெயர்ந்து நிற்கும் தமிழே.

அமெரிக்காவில் இச்சிக்கல் நெடுங்காலம் நீடித்தமைக்குத் தனிக்காரணம் உண்டு. ஐரோப்பிய முறையிலிருந்து வேறுபட்ட சிடிஎம்ஏ வலையமைப்புகள் அங்கு வேரூன்றியிருந்தன. இருமுறைகளுக்கிடையே செல்லும் செய்திகளில் இத்தலைப்பகுதி பல வேளைகளில் கடந்து செல்வதில்லை; துண்டின் உரையிலேயே 'மூன்றில் ஒன்று' என்பதுபோல் எண்ணிட்டு அனுப்புவதே மாற்றாக இருந்தது. அவ்வெண்ணைப் படித்து வரிசைப்படுத்தவேண்டியவர் மனிதரே. வெரைசன் நிறுவனம் தன் சிடிஎம்ஏ வலையமைப்பை 2022ஆம் ஆண்டின் இறுதியில் மூடியது.

இப்போது தாயிடம் திரும்புவோம். அவருடைய கைபேசி பொறுமையற்ற வகை; மூன்றாம் துண்டு மட்டும் பிந்திவிட்டது என்று கொள்வோம். திரையில் இறுதியாக நிற்பது 'சர்க்கரை மாத்திரையைக் காலைய' என்பதே. வேற்றுமை உருபேற்ற செயப்படுபொருள் இருக்கிறது, காலம் இருக்கிறது, வினை இல்லை. நாள்தோறும் காலையில் மாத்திரை எடுக்கும் ஒருவர் அந்த வெற்றிடத்தைத் தம் வழக்கப்படியே நிரப்பிக்கொள்வார்: 'காலையில் எடுக்கவும்.' இரவு முழுவதும் உண்ணாத வயிற்றில் சர்க்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகளை விழுங்கினால் இரத்தச் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும்.

இதே செய்தி நோர்வேஜிய மொழியில் துண்டாகியிருந்தால் இந்த ஆபத்து இவ்வளவு இல்லை. அம்மொழியின் ஏவல் வாக்கியத்தில் 'இக்கே' என்ற எதிர்மறைச் சொல் முகப்பிலேயே நிற்க இயலும். வால் அறுந்தாலும் விலக்கு எஞ்சும். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் நிற்பது. எதிர்மறை அந்த வினைமுற்றோடு ஒட்டியது. வேண்டாம், கூடாது, இல்லை, மாட்டேன் என அனைத்தும் கடைசிச் சொற்களே. துண்டாகும் செய்தியில் கடைசித் துண்டு எதுவோ அதில்தான் இறுதி வாக்கியத்தின் உடன்பாடும் எதிர்மறையும் தங்குகின்றன. முறைமாறி அது முதலில் வந்தாலோ, எதை எடுக்கவேண்டாம் என்று தெரியாத ஒரு தனி விலக்காக நிற்கும்.

அனுப்புநர் செய்யக்கூடியது எளியது. மகள் இதையே மூன்று தனிச் செய்திகளாக எழுதட்டும்: "நாளை காலை எட்டு மணிக்கு இரத்தப் பரிசோதனை." "இன்று இரவு பத்து மணிக்குப் பிறகு சாப்பிட வேண்டாம்." "நாளை காலை சர்க்கரை மாத்திரை எடுக்க வேண்டாம்." இவை முறையே 41, 50, 44 இடங்கள் கொள்வன, எதுவும் எழுபதைத் தொடவில்லை. வெட்டு இல்லை, தலைப்பகுதி இல்லை, ஒட்டவேண்டிய தேவையும் இல்லை. எந்த வரிசையில் வந்தாலும் ஒவ்வொன்றும் தன் வினைமுற்றோடு வருகிறது. துண்டுக்குக் கட்டணம் செலுத்தும் நிறுவனங்களுக்கும் இதனால் கூடுதல் செலவில்லை. முன்னரும் மூன்று, இப்போதும் மூன்று. மூன்றில் ஒன்று தவறினால் அது தவறியது என்பதைப் பெறுநர் அறியமாட்டார் என்ற குறை மட்டும் இருக்கிறது. ஆகையால் மாத்திரை பற்றியதை முதலில் அனுப்புவதே நன்று.

அடிப்படைத் தீர்வு ஒன்றும் தரநிலையில் எழுதப்பட்டே இருக்கிறது. கைபேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 23.038 என்ற ஆவணம், துருக்கியம் முதலிய மொழிகளுக்கும் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் ஏழு பிட்டு அட்டவணைகளைத் தந்துள்ளது. அவற்றுள் தமிழின் எண் 11. செய்தியின் தொடக்கத்தில் நான்கு பைட்டுத் தலைப்பகுதி ஒன்றை இட்டால் போதும்:

```
03 25 01 0B
```

கடைசிப் பைட்டான `0B` பதினொன்றைக் குறிக்கிறது. இனி வருவதைத் தமிழ் அட்டவணைப்படி படிக்க என்பது அதன் பொருள். எஞ்சும் 136 பைட்டுகளில் ஏழு பிட்டு வீதம் 155 இடங்கள் கிடைக்கும். மகளின் முதற்செய்தி 154 இடங்கள். அதாவது அந்த அட்டவணையின்படி அனுப்பினால், செய்தி முழுவதும் வெட்டுப்படாமல் ஒரே பொதியில் அடங்கி, ஓரிடம் மிஞ்சவும் செய்யும்.

ஆயினும் அனுப்பும் கருவி, பெறும் கருவி ஆகிய இரண்டுமே அட்டவணையை அறிந்திருந்தால்தான் இது பயன்தரும். பெறும் கருவி அறியாவிடில், தலைப்பகுதியைப் புறக்கணித்து அந்த ஏழு பிட்டுகளைப் பழைய ஐரோப்பிய அட்டவணைப்படி படித்துவிடும். தாயின் திரையில் பொருளற்ற லத்தீன், கிரேக்க எழுத்துகளே தோன்றும். பெறுநரின் கருவி எத்தகையது என்று அனுப்பும் கைபேசி முன்கூட்டி அறிய வழியில்லை. ஆகையால் அது துணிவதில்லை. எழுபது இடத்து ஒருங்குறியையே தேர்கிறது.

செய்தி எழுதும் பெட்டியின் ஓரத்தில் பல கைபேசிகள் ஒரு சிறு எண்ணைக் காட்டுகின்றன. தமிழில் முதல் எழுத்தைத் தட்டியவுடன் அது 159இலிருந்தன்று, 69இலிருந்து இறங்கத் தொடங்கினால், எந்த அட்டவணை தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.